ஒரே 'தான்', நாலு அர்த்தம்: இந்தியின் நான்கு 'த'வைப் பழகும் முறை

நடவுக்கு வந்திருக்கும் பீகார்காரரிடம் "நெல் விற்கணும்" என்று சொல்ல நினைத்து, நாம் சொல்வது "தானத்தை விற்கணும்" என்று அவர் காதில் விழக்கூடும். இந்தியில் நெல்லுக்குத் தா⁴ன், தானத்துக்குத் தா³ன். தறியிலிருந்து இறங்கும் முழுத் துணிச்சுருள் தா²ன். பாட்டில் வேகமாக ஓடும் ஸ்வர வரிசை தா¹ன். நெல்லும் பட்டும் பாட்டும் தானமும் நம் பக்கத்துச் சரக்குதான். எழுத்து மட்டும் நமக்கு ஒன்றே ஒன்று. சுலோகப் புத்தகங்களில் த-வின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று போடும் எண்களையே இங்கேயும் போடுகிறேன். வீட்டில் மராத்தியோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை.

கையில் இருப்பது எது?

"தந்தான்" என்று சொல்லுங்கள். முதல் எழுத்து த¹, நடுவில் ந்-க்குப் பின் வருவது த³. ஆக, பாதி வேலை முடிந்துவிட்டது. த³-வைச் சொல்லின் முதலில் கொண்டுவருவதுதான் பாக்கி. தொண்டையில் இரண்டு விரலை வைத்து "ந்ந்தான்" என்று இழுங்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே சொல்லுங்கள். நாக்கு பல்லில் ஒட்டியிருக்கும்போதே தொண்டை ஒரு கணம் அதிர்ந்தால் அது த³. மூக்கைப் பொத்தியதும் அதிர்வு அறவே நின்றால், நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் ந்.

த²: பத்து ஹால்

"பத்து ஹால்" என்று பத்து முறை வேகமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள உகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குங்கள். "பத்ஹால்" என்று ஆனதும் ப-வை விட்டுவிட்டு, கடைசி ல்-ஐ ன் ஆக்கினால் தா²ன். ஒரு விரல் அகலக் காகிதத்தை வாய்க்கு முன் பிடித்தால், த¹-வுக்குச் சும்மா இருக்கும் காகிதம் த²-வுக்குத் துள்ளும்.

த¹-வில் நாக்கு பல்லை விட்டபின் சுமார் 15 மில்லி செகண்டில் தொண்டை அதிரத் தொடங்கிவிடும். த²-வில் 60, 70 ஆகும். அந்த இடைவெளியில் வருவது வெறும் காற்று. இங்கே இரண்டு தவறு நடக்கும். இடைவெளியில் உயிரெழுத்தை நுழைத்துத் "தஹான்" என்பது ஒன்று. சொல்லிக்கொண்டே அசைக்கு ஒரு தட்டாகக் கை தட்டும்போது இரண்டு தட்டு தட்டத் தோன்றினால் இந்தத் தவறு நடக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, நாக்கைப் பல்லில் ஒட்டாமல் சீறுவது. த-வை முதலில் அழுத்தி அடைத்தாக வேண்டும்.

த⁴: அந்த ஹால்

அதிகம் படுத்துவது இதுதான். முதலில் "ஆஹா" என்று குரலை நிறுத்தாமல் சொல்லி, தொண்டையைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் ஹ வரும்போதும் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும், காற்றும் கசியும். த⁴-வுக்கு வேண்டியது அந்தக் கசிவுதான். இப்போது "அந்த ஹால்" என்பதை முன்போலவே வேகமாகச் சொல்லி, நடு அகரத்தை விழுங்குங்கள். "அந்த்ஹால்" வந்ததும் "அந்"-ஐ விடுங்கள், ல்-ஐ மாற்றுங்கள்: தா⁴ன்.

காற்றைக் கூட்ட நினைத்துத் தள்ளினால் தொண்டை அதிர்வு நின்று த² ஆகிவிடும். பயந்து காற்றைக் குறைத்தால் த³. பெருமூச்சு விடுகிற தளர்வுதான் சரியான அளவு. த⁴-க்குப் பின் வரும் 'ஆ' கொஞ்சம் தாழ்ந்த சுருதியில், புகை படிந்ததுபோலத் தொடங்கும். கேட்கும்போதும் மெய்யெழுத்தை விட்டுவிட்டு அந்த 'ஆ'வின் தொடக்கத்தையே பிடியுங்கள்.

காதுக்குச் சோதனை

இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் நான்கு சொல்லையும் ஐந்தைந்து முறை, கலைத்துப்போட்டுச் சொல்லச் சொல்லி, மொபைலில் பதிவு செய்யுங்கள். வரிசையை அவர் குறித்துவைக்கட்டும். நீங்கள் கேட்டு, 1 முதல் 4 வரை எழுதுங்கள். கண்ணை மூடி எழுதினாலே இருபதில் ஐந்து சரியாக வரும், அதனால் ஆறு ஏழுக்கு மகிழ வேண்டாம்.

மொத்த மதிப்பெண்ணைவிட எது எதுவாகக் கேட்டது என்பதே முக்கியம். உதாரணமாக, த¹ ஐந்தும் சரி, த² நான்கு சரி, த³ நான்கு சரி, த⁴-இல் மட்டும் நான்கை த³ என்று எழுதியிருந்தால், அதிர்வு கேட்கிறது, கசிவு கேட்கவில்லை. அப்போது த³, த⁴ இரண்டை மட்டும் பத்து நாள் கேளுங்கள். த²-வும் த⁴-வும் மாறிப்போனால் கதை நேர் எதிர்: காற்று கேட்கிறது, அதிர்வு தப்புகிறது. அதற்கு, நாக்கு விடுவதற்கு முன் வரும் முனகலைத் தேடுங்கள்.

வாய்க்குச் சோதனை

ஒரு கைப்பிடி நெல், ஒரு துணிச்சுருள், ஒரு பத்து ரூபாய்க் காசு. மூன்றையும் பீகார்காரர் முன் வைத்து, காசு தா³னுக்கு என்று சொல்லிவிட்டு, சொல்லை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். அவர் தொட்டுக் காட்டட்டும். வாக்கியமாகச் சொன்னால் இடத்தை வைத்து ஊகித்துவிடுவார், சோதனை கெட்டுவிடும். உங்கள் முகத்தைப் பார்த்தும் ஊகிப்பார், திரும்பி நின்றுகொள்ளுங்கள். தா¹னுக்குப் பொருள் வைக்க வழியில்லை, அந்தச் சொல்லே அவருக்குப் புதிதாகவும் இருக்கலாம். நீங்கள் நெல் என்று சொல்லி அவர் கை காசுக்குப் போனால், "அந்த ஹால்"-க்குத் திரும்புங்கள்.