மூன்று நிமிடப் பிட்ச்: கடைசி முக்கால் நிமிடத்தில் நடக்கும் தவறு

இளையோர் படப் போட்டியில் படத் திட்டத்தைச் சொல்லி நிதி கேட்கும் பிட்ச்சுக்கு மேடையில் கிடைப்பது மூன்று நிமிடம். கதை என்ன, யாருக்கு, யார் எடுக்கிறார்கள், நிதி வந்தால் என்ன மாறும் என்ற நான்கையும் அதற்குள் சொல்லியாக வேண்டும். பல குழுக்கள் கதையிலேயே இரண்டரை நிமிடத்தைக் கரைத்துவிடுகின்றன. மணி அடித்ததும் “பணம் கிடைச்சா இன்னும் நல்லா எடுப்போம்” என்று சொல்லி இறங்குகின்றன. நடுவர்கள் காத்திருந்ததோ அந்தக் கடைசிப் பதிலுக்குத்தான்.

கற்பனையாக ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றின் இரவு வேலையைப் பற்றி 12 நிமிட ஆவணப்படம் எடுக்க நினைக்கிறார்கள் மூன்று பேர்.

“நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தேயிலை...” என்று தொடங்கினால் 20 நொடி வீண். அது ஊரறிந்த செய்தி. ஒரு ஆளையும் ஒரு செயலையும் முதலில் காட்ட வேண்டும்: “நள்ளிரவு ஒரு மணி. வாட்டுவதற்குப் பரப்பிய இலையில் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறார் ஒரு தொழிலாளி. கையை விரித்ததும் உருண்டை கலையாமல் நின்றால் இலை வாடிவிட்டது, அரவைக்குப் போகலாம். உடனே விரிந்துகொண்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் அவருக்கு ஓய்வு. இந்தக் கைப்பக்குவத்தை ஒரு இளைஞர் அதற்குள் பிடித்துக்கொள்வாரா?” இவ்வளவு போதும். அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வி நடுவர் மனதில் விழுந்துவிடும். கெடு இருப்பதால் படத்தை ஏன் இப்போதே எடுக்க வேண்டும் என்பதும் தானாகப் புரியும். இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம்.

பார்வையாளர் பகுதிக்கு அரை நிமிடம். “எல்லா வயதினரும் பார்க்கலாம்” என்றால் யாரையும் யோசிக்கவில்லை என்றே நடுவர் எடுத்துக்கொள்வார். முதல் காட்சி எங்கே, யார் முன்னால் என்று சொல்லுங்கள்: கோத்தகிரி, குன்னூர் பக்கத்துப் படுகர் ஊர்களான ஹட்டிகளில் இலை பறித்து விற்கும் சிறு விவசாயிகள், அவர்களுடைய சமுதாயக் கூடம், ஒரு ஞாயிறு மாலை. இலை தங்கள் கையைவிட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

குழுவுக்கும் அரை நிமிடம்தான். கல்லூரி, பட்டம், வாங்கிய பரிசு என்று வரிசையாகப் படிக்க வேண்டாம். இந்தப் படத்துக்கு இவர் ஏன் தேவை என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும்: ஒருவர் படுகர்களின் மொழியான படுகு பேசுவார், ஒருவரின் மாமா அதே ஃபேக்டரியில் வேலை செய்கிறார். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் அதைச் சொல்ல மறக்கக் கூடாது. பட்டங்களைவிட அந்த ஒரு தாளுக்கு எடை அதிகம்.

இனி பணம். இங்கே நடக்கும் பெரிய தவறு “கேமரா வாங்குவோம், ட்ரோன் வாங்குவோம்” என்பது. காட்டை ஒட்டிய மலையில் ட்ரோனுக்கு அனுமதி வாங்குவதே தனிப் பாடு. அதைவிட, இந்தப் படத்தின் குறை காட்சியில் இல்லை, ஒலியில் இருக்கிறது. விசிறியும் அரவை இயந்திரமும் ஓடும் கூடத்தில் போனில் எடுத்த பேட்டியை ஹெட்போனில் கேட்டால் பேச்சு இரைச்சலுக்குள் மூழ்கியிருக்கும். முன்கூட்டியே போய்ப் பத்து நொடி எடுத்துப் பார்த்த குழுவுக்குத்தான் இது தெரியும். விதி அனுமதித்தால் அந்தப் பத்து நொடியை மேடையிலேயே ஒலிக்கவிடலாம்.

பிறகு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்குத்தான்; உங்கள் ஊர் வாடகையை விசாரித்துப் போடுங்கள். சட்டையில் குத்தும் மைக்குகளோடு ஒலிப்பதிவாளர், இரவுக்கு 5,000 வீதம் நான்கு இரவுக்கு 20,000. அந்த நேரத்தில் பஸ் கிடையாது என்பதால் ஜீப், இரவுக்கு 2,500 வீதம் 10,000. சாப்பாடு 4,000. ஒலிக் கலவை 6,000. மொத்தம் 40,000. மேடையில் இத்தனை எண்களை அடுக்கினால் யார் மனதிலும் நிற்காது. வாயால் மூன்றைச் சொல்லுங்கள்: மொத்தம் எவ்வளவு, அதில் பெரிய செலவு எது, அதனால் படத்தில் என்ன மாறும். மீதி தாளில் இருக்கட்டும். “பணம் இல்லாமலும் எடுப்போம், ஆனால் அவர் பேசுவது கேட்காது, திரையில் எழுத்து போட வேண்டியிருக்கும். 40,000 வந்தால் அவர் குரலே படத்தை நடத்தும்” என்றால் வித்தியாசம் காதில் விழும்.

“பாதிதான் தர முடியும்” என்று நடுவர் கேட்கக்கூடும். அங்கே விழிப்பதும் தவறு. இரண்டு இரவு ஒலிப்பதிவாளரோடு, மற்ற இரண்டு இரவு பேச்சில்லாத காட்சிகள் மட்டும் போனில் என்று பதில் தயாராக இருக்கட்டும். ஆனால் பாதித் தொகையில் ஜீப்புக்கு இடம் இருக்காது; நான்கு இரவுக்கும் யார் ஜீப் தருவார்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் போங்கள். அடுத்த கேள்வி அதுதான்.

பணத்துக்கு முக்கால் நிமிடம் கொடுத்தாலும் 15 நொடி மிஞ்சும். அதை நிரப்பாதீர்கள். மனதுக்குள் படித்து நேரம் பார்ப்பவர்கள் மேடையில் மணியிடம் மாட்டிக்கொள்கிறார்கள். நின்றுகொண்டு, உரக்க, போனில் நேரம் ஓடவிட்டுப் பேசிப் பாருங்கள். மழைக்காலமென்றால் தகரக் கூரைச் சத்தத்துக்கு மேல் பேச வேண்டிவரும், வேகம் இன்னும் குறையும். கரண்ட் போனால் ஸ்லைடும் போகும். ஸ்லைடு இல்லாமல் ஒரு முறையாவது முழுதாகச் சொல்லிப் பார்த்துவிட்டு மேடையேறுங்கள்.