நீள பூட்ஸ் வாங்கும்போது அளவில் நடக்கும் தவறுகள்

பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளித் தையல் முடிந்து கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில்தான் குளிர் தேசத்துக்குப் பயணம் போகிறவர்கள் வரத் தொடங்குவார்கள். ஜாக்கெட் கை நீளம் குறைக்க வேண்டும், கம்பளிக் கால்சட்டைக்கு இடுப்பு பிடிக்க வேண்டும் என்று வருவார்கள். அப்படி ஒரு நாள் என் அண்ணன் மகள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். ஜனவரியில் சியோலுக்குப் போகிறாள். உள்ளே முழங்கால் வரை வரும் கறுப்பு பூட்ஸ், ஆன்லைனில் 189 வெள்ளி.

"அத்தை, ஜிப்பு பாதிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. 38 சென்டிமீட்டர்னு போட்டிருந்தான். என் கால் 37.5 தானே, எப்படிப் பத்தாம போச்சு?"

அவள் அளந்ததும் பொய்யில்லை, கடைக்காரர் போட்டதும் பொய்யில்லை. இரண்டு பேரும் வேறு வேறு இடத்தை, வேறு வேறு நிலையில் அளந்திருந்தார்கள். நீள பூட்ஸில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கணுக்காலுக்கு மேலே குழாய் மாதிரி நிற்கும் பகுதிக்கு ஷாஃப்ட் என்று பெயர். விற்பனைப் பக்கத்தில் இதற்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஷாஃப்டின் உயரம், ஷாஃப்டின் சுற்றளவு. நம் ஆட்கள் சுற்றளவை மட்டும் பார்ப்பார்கள், உயரத்தை அழகு விஷயம் என்று விட்டுவிடுவார்கள். பிளவுஸ் தைக்கும்போது கை நீளம் எவ்வளவு என்று தெரியாமல் கைச் சுற்றளவு எடுக்க முடியுமா? முழங்கைக்கு மேலே நிற்கும் கைக்கு ஒரு சுற்று, முழங்கைக்குக் கீழே இறங்கும் கைக்கு வேறு சுற்று. காலும் அப்படித்தான். பூட்ஸின் வாய் எந்த உயரத்தில் வந்து நிற்கிறதோ, அந்த உயரத்தில் நம் கால் எவ்வளவு பருமன் என்பதுதான் கேள்வி. உயரத்தை விட்டுவிட்டுச் சுற்றளவை மட்டும் ஒப்பிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். வெறுங்கால் தரையில் பதிந்திருக்க, முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்கியிருக்க, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்தேன். 38 சென்டிமீட்டர் வந்தது. அவள் வாங்கிய பூட்ஸின் ஷாஃப்ட் உயரம் 40. ஜிப் முழுக்க ஏறியிருந்தால்கூட அவளால் உட்கார முடியாது. பின்மடிப்பில் பூட்ஸின் விளிம்பு குத்திக்கொண்டே இருக்கும். மடிப்புக்குக் கீழே 2 முதல் 3 சென்டிமீட்டர் காலியாக இருந்தால்தான் பேருந்துப் படி ஏறவும் தரையில் குனியவும் தோதுப்படும். அவளுக்கு ஏற்ற உயரம் 35, அதிகம் போனால் 36. அவள் உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். விற்பனைப் பக்கத்துப் படத்தில் பூட்ஸ் போட்டு நின்ற பெண்ணோ நெடுநெடுவென்று இருந்தாள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே அழகாக நின்ற அதே பூட்ஸ், இவளுக்கு முட்டியைத் தொடுகிறது.

ஷாஃப்ட் உயரம் என்பதை எங்கிருந்து எங்கே அளப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதத்தின் உள்பக்கம் வளைந்திருக்கும் இடத்தில், அடித்தோல் மேல்தோலோடு சேரும் தையலிலிருந்து பூட்ஸின் மேல்விளிம்பு வரை அளப்பதுதான் வழக்கம். குதிகால் உயரம் அதில் சேராது. ஆனால் சில கடைகள் தரையிலிருந்து உச்சி வரைக்குமான மொத்த உயரத்தைப் போட்டுவிடுகின்றன. மொத்தம் 44, ஹீல்ஸ் 6 என்றால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 38தான். எந்த உயரம் என்று எழுதவில்லையென்றால் கேட்டுவிடுங்கள். படத்தில் அளவு நாடா வைத்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் காட்டுவார்கள்.

சரி, சுற்றளவுக்கு வருவோம். அவளுடைய 37.5 எப்படி வந்தது என்று கேட்டேன். காலையில் குளித்துவிட்டு வந்து, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, ஆடுசதையின் நடுவில் சுற்றி அளந்திருக்கிறாள். ஆடுசதையின் நடுவும் அதன் மிகப் பருத்த இடமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நாடாவை ஒரு இடத்தில் சுற்றிப் பிடித்து, இறுக்காமல் மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். எண் கூடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று திரும்பக் குறைந்தது. அந்த இடம் தரையிலிருந்து 29 சென்டிமீட்டரில் இருந்தது. பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நிற்க வைத்து அளந்தபோது வலது கால் 38.5, இடது கால் 38. நம் வெயிலில் நாள் முழுக்க நின்று நடந்தால் சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கும். கோலாலம்பூரிலிருந்து சியோலுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பறக்க வேண்டும், அதிலும் வீங்கும். அதனால் மாலை அளவை, இரண்டு காலில் பெரியதை எடுப்பதே பாதுகாப்பு.

அப்புறம் அவளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். சியோலில் போடப்போகும் கம்பளி லெக்கிங்ஸை மாட்டிக்கொண்டு வா என்றேன். அதன் மேல் அளந்தால் 39.5. குளிருக்கு வாங்கும் பூட்ஸை வெறுங்காலுக்கு அளப்பது, சேலை கட்டாமல் பாவாடையோடு நின்றுகொண்டு இடுப்பு அளவு கொடுப்பது மாதிரி. உள்ளே போடப்போவது எதுவோ அதன் மேல்தான் நாடா ஓட வேண்டும். ஹீல்ஸ் உள்ள பூட்ஸ் என்றால் இன்னொன்றும் உண்டு: குதிகால் மேலே எழும்பும்போது ஆடுசதை சுருங்கித் திரளும், பருத்த இடமும் சற்று மேலே ஏறும். குதிகாலுக்குக் கீழே அந்த உயரத்துக்கு ஒரு புத்தகத்தை வைத்து நின்று அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

இப்போது கடைக்காரரின் 38. அது 38ஆம் நம்பர் பூட்ஸின் சுற்றளவு என்று அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இவள் வாங்கியது 36ஆம் நம்பர். பாத அளவு குறையக் குறைய ஷாஃப்டும் சிறுத்துக்கொண்டே வரும். ஒரு நம்பருக்கு அரை சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறையும். இவள் கையிலிருந்த பூட்ஸை நாடா வைத்து அளந்தேன்: உள்சுற்று 36.8. அதாவது 39.5 கேட்கும் காலுக்கு 36.8 பூட்ஸ். ஜிப் எங்கே நின்றது என்று பார்த்தால், நான் பேனாவால் புள்ளி வைத்த இடத்துக்குச் சற்றுக் கீழே. சிறிய பாதமும் பருத்த ஆடுசதையும் உள்ளவர்களுக்கு இந்த இக்கட்டு அடிக்கடி வரும். இவர்கள் பாத நம்பரைக் கூட்டி வாங்கிவிடக் கூடாது, பாதம் உள்ளே ஆடி நடை கெட்டுவிடும். அகல ஆடுசதைக்கென்று தைத்தவற்றையோ, பின்பக்கம் எலாஸ்டிக் பட்டை வைத்தவற்றையோ தேட வேண்டும்.

சில பக்கங்களில் சுற்றளவு 19 என்று இருக்கும். அது பூட்ஸைப் படுக்க வைத்து, தட்டையாக அளந்த அகலம். இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வேறு சில கடைகள் வாய்ச்சுற்றை மட்டும் கொடுக்கும். வாயும் நடுப்பகுதியும் ஒரே சுற்றில் இருக்காது என்பதால் அங்கேயும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பூட்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவதாக ஒன்று பார்த்தோம். ஷாஃப்ட் உயரம் 35, அவளுடைய 36ஆம் நம்பரிலேயே நடுச்சுற்று 40, பின்னால் எலாஸ்டிக் உண்டு. முழங்கால் மடிப்புக்குக் கீழே 3 சென்டிமீட்டர் மிச்சம். பருத்த இடத்தில் அரை சென்டிமீட்டர்தான் இடைவெளி, ஆனால் எலாஸ்டிக் இழுபட்டுக் கொடுக்கும். வாய் நிற்கப்போகும் 35 சென்டிமீட்டர் உயரத்தில் அவள் கால், லெக்கிங்ஸோடு 36.5. வாய்ச்சுற்று 38. ஒரு விரல் போகும் இடைவெளி. எலாஸ்டிக் இல்லாத பூட்ஸாக இருந்திருந்தால் பருத்த இடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது கேட்டிருப்பேன். மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அதுவும் தவறுதான், கால் தென்னை மட்டை வாளிக்குள் நிற்பது போல் இருக்கும், மழையும் பனியும் உள்ளே இறங்கும்.

முழங்காலுக்கு மேலே போகும் பூட்ஸ் வாங்குகிறவர்கள் ஆடுசதையை மட்டும் அளந்து ஏமாறுகிறார்கள். அதற்கு மூன்று சுற்று வேண்டும்: ஆடுசதை, முட்டிச் சில்லுக்குச் சற்று மேலே, பிறகு பூட்ஸின் வாய் வந்து நிற்கும் தொடைப் பகுதி. அந்த மூன்றாவது இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஷாஃப்ட் உயரம் 55 என்றால், நின்றபடி தரையிலிருந்து காலின் உள்பக்கமாக 55 சென்டிமீட்டர் அளந்து கோடு போடுங்கள். அங்கேதான் வாய் நிற்கும். என் அண்ணன் மகளுக்கு அந்தக் கோடு முழங்கால் மடிப்புக்கு 17 சென்டிமீட்டர் மேலே, கிட்டத்தட்டப் பாதித் தொடையில் வந்தது. நெட்டையான பெண்ணுக்கு முட்டியைத் தாண்டி நிற்பது இவளுக்குத் தொடைக்கு ஏறிவிடுகிறது. அந்தக் கோட்டில் நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை அளக்க வேண்டும், உட்காரும்போது தொடைச் சதை பரவும். பூட்ஸின் வாய், நின்று அளந்த அளவைவிட மிகப் பெரியதாக இருந்தால் நாலு அடி நடப்பதற்குள் சரிந்து முட்டியில் சுருண்டுவிடும். உட்கார்ந்து அளந்த அளவைவிடச் சிறியதாக இருந்தால் சதையை அறுக்கும். இரண்டுக்கும் இடம் கொடுப்பது இழுபடும் துணியோ மென்மையான ஸ்வேட் தோலோதான். விறைப்பான தோலில் முழங்காலுக்கு மேலே வரும் பூட்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை, முழங்கால் மடங்கும் இடத்தில் மடிப்பு விழுந்து உரசும்.

முழங்காலுக்குக் கீழே நிற்கும் அசல் தோல் பூட்ஸ் மட்டும் வேறு கதை. போடப் போட கணுக்காலில் மடிப்பு விழுந்து ஷாஃப்ட் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கும். குதிரைச் சவாரிக்கு வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்தே புதியதைச் சற்று உயரமாக எடுப்பார்கள். தோலைச் செருப்புத் தைப்பவர் கட்டையில் ஏற்றி ஓரளவு விரிவாக்கியும் தருவார். செயற்கைத் தோல் அப்படி இறங்காது, விரியவும் விரியாது. அதில் ஒரு சென்டிமீட்டர் பத்தவில்லை என்றால் பத்தவில்லைதான்.

பெட்டி வந்ததும் வெறுங்காலில் ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். சாயங்காலம், லெக்கிங்ஸோடு, வீட்டுக்குள் துடைத்த தரையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருங்கள். நாற்காலியில் உட்காருங்கள், குத்துக்காலிட்டு எழுந்திருங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஜிப்பை மேலே இழுக்கும்போது பல் விலகி நெளிகிறதா என்று பாருங்கள், நெளிந்தால் பத்து நாளில் பிய்ந்துவிடும். கழற்றியதும் முழங்காலின் பின்னாலும் ஆடுசதையிலும் சிவந்த கோடு இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. அரை மணி நேரம் ஆகியும் பள்ளமாக நின்றால், விலைச்சீட்டைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.