58 வயதுக்கு முன்பே பிஎஃப் பென்ஷன்: குறைந்தது குறைந்ததுதான்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கஞ்சிக்கோட்டு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் வருகிற நம்மவர்கள் பலர், ஐம்பதைத் தாண்டி வேலை விட்டதும் அக்ஷயா மையத்தில் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "இப்போ கொஞ்சம் குறைச்சுத் தருவாங்க, 58 ஆனதும் முழுசா வரும்" என்று யாரோ சொன்னதை நம்பித்தான் இப்படிச் செய்கிறார்கள். அது தவறு. 58 ஆனாலும் தொகை ஏறாது.

பிஎஃப்போடு சேர்ந்து வருகிற பென்ஷன் திட்டமான இபிஎஸ் 95-இல் முழு பென்ஷனுக்கான வயது 58. பத்து வருடம் சர்வீஸ் இருந்து வேலையை விட்டவர், 50 வயது முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே கேட்கலாம். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் பிடிப்பார்கள். அதிக வருடம் பென்ஷன் தர வேண்டியிருக்கும் என்பதற்காகப் பிடிக்கிற பிடித்தம் இது. அதனால்தான் கடைசி வரை தொடர்கிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 14 வருட சர்வீஸ், பென்ஷனுக்கு எடுக்கும் சராசரிச் சம்பளம் 15,000 ரூபாய். 15,000-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 3,000. இவர் 55 வயதிலேயே கேட்டால் 12 சதவீதம் போய் 2,640தான் வரும். இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது என்பதால், விலைவாசி ஏறும்போது அந்த 360 ரூபாய் இல்லாதது இன்னும் உறைக்கும். இவர் காலமானால் மனைவிக்குக் கிடைப்பது இவர் வாங்கியதில் பாதி. 1,500 வர வேண்டிய இடத்தில் 1,320.

இன்னொரு பக்கமும் உண்டு. மூன்று வருடம் முன்பே வாங்குவதில் கைக்கு வருவது 95,040 ரூபாய். மாதம் 360 வீதம் அது ஈடாக 22 வருடம், அதாவது 80 வயது ஆகும். ஆகவே நோயோ, வேறு வருமானமே இல்லாத நிலையோ இருந்தால் முன்பே வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பலருக்கு உண்மையில் தேவைப்படுவது மொத்தமாக ஒரு தொகை: மகள் கல்யாணம், வீட்டுக் கடன் என்று. அதற்கு பிஎஃப் பணத்தை படிவம் 19 மூலம் எடுத்தால் போதும். பிஎஃப் எடுப்பதால் பென்ஷனையும் அப்போதே தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பென்ஷன் பக்கத்துக்குப் படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் அதில் பதிவாகி நிற்கும். இடையில் வேறு கம்பெனியில் சேர்ந்தால் அந்த சர்வீஸும் இதோடு சேரும். 58 ஆனதும் படிவம் 10டி கொடுத்தால் முழுத் தொகை வரும்.

10டி-யில் எந்த வகை பென்ஷன் என்றும், குறைந்த பென்ஷன் என்றால் எந்தத் தேதியிலிருந்து என்றும் கேட்பார்கள். அக்ஷயாவில் வேறொருவர் நிரப்பித் தந்தாலும் அந்த இரண்டு இடத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.