பாத்ரூமா, மொட்டை மாடி ரூமா: எது போட்ட காசை எடுக்கும்?

கொத்தனாரிடம் பேசும் முன்னால் உங்கள் தெருவில் ஒரு பாத்ரூம் உள்ள வீட்டுக்கும் இரண்டு உள்ள வீட்டுக்கும் குடியிருப்பவர்கள் உண்மையில் எவ்வளவு வாடகை தருகிறார்கள் என்று கேளுங்கள், டு-லெட் போர்டுக்காரர் சொல்லும் தொகையை நம்பாதீர்கள்.

வித்தியாசம் மாதம் 1,500 ரூபாய் என்று வையுங்கள். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், அதனால் வருஷத்துக்கு 16,500. ஒழுகல், குழாய் ரிப்பேருக்கு 1,500 கழித்தால் 15,000. பாத்ரூமுக்கு 1,80,000 செலவானால் போட்டது திரும்ப 12 வருஷம். எனக்கு ஏழெட்டு வருஷத்துக்கு மேல் போனால் வாடகைக்காகச் செய்ய மனசு வராது. ஏற்கெனவே உள்ள கழிவுக் குழாய்க்கு அடுத்த சுவரிலேயே கட்டினால் தரையை உடைக்கும் வேலை மிச்சமாகி செலவு நன்றாகவே குறையும், அப்போது கணக்கை மறுபடி போடுங்கள்.

மாடியில் சும்மா கிடக்கும் ரூமுக்கு 2,50,000 போட்டுத் தனியாக 5,000 வாடகை வந்தால், இதே கணக்கில் ஒரு மாதம் காலி, ரிப்பேருக்கு ஒரு மாத வாடகை போக வருஷம் 50,000 நிற்கும், ஐந்தே வருஷம். ஆனால் படி வெளியே இருக்கணும். வீட்டுக்குள் புகுந்து மாடி ஏறணும் என்றால் தனிக் குடித்தனம் வராது. ஷீட் கூரை என்றால் சித்திரை வெயிலில் ஆள் காலி பண்ணிவிடுவார், காலி மாதங்களை இரண்டு மூன்றாகப் போடுங்கள். அப்புறம் கட்டட அனுமதி, கூடும் சொத்து வரி இரண்டையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.