ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு: தள்ளிப்போடும் தவணையும் தப்பாகக் கலக்கும் கரைசலும்

ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் குழந்தைக்குப் பேதியானால், வீட்டில் முதலில் எழும் சொல் பெரும்பாலும் "பல் முளைக்கிறது, அதனால்தான்" என்பதாக இருக்கும். இன்னும் சில வீடுகளில் மாந்தம் என்றோ தோஷம் என்றோ சொல்லி மந்திரிக்க அழைத்துப் போவார்கள். பல் முளைக்கும் வயதும் ரோட்டா வைரஸ் மிகுதியாகத் தாக்கும் வயதும் ஒன்றாக அமைந்திருப்பதே இந்த மயக்கத்துக்குக் காரணம். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்துகொண்டே வரும் அதே மாதங்களில்தான் குழந்தை தவழத் தொடங்கித் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. இப்படிக் காரணத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்வதால் மருத்துவ உதவி தேடுவதில் ஒரு நாள் வீணாகிறது. இந்த நோயில் ஒரு நாள் என்பது நீண்ட காலம்.

அது ஏன் என்பதைக் குடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் உள்ள செல்களைத்தான் ரோட்டா வைரஸ் அழிக்கிறது. நீரையும் உப்பையும் உறிஞ்சுபவை அந்தச் செல்களே. போதாததற்கு, வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம் நஞ்சுபோலச் செயல்பட்டு, குடலிலிருந்து நீரை வெளியே சுரக்கவும் வைக்கிறது. வைரஸ் உள்ளே போன ஏறத்தாழ இரண்டு நாட்களில் காய்ச்சலும் வாந்தியும் தொடங்கி, அதைத் தொடர்ந்து தண்ணீராகப் பேதி போகும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலிருந்து 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர் நீர் வெளியேறினாலே அது எடையில் 5 விழுக்காடு. அந்த நிலையில் நீரிழப்பின் அறிகுறிகள் தெரியத் தொடங்கிவிடும். 800 மில்லி போனால் உயிருக்கே ஆபத்து. பெரியவர் ஒருவருக்கு அதே இரண்டு டம்ளர் ஒரு பொருட்டல்ல.

"எங்கள் வீட்டில் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான், எல்லாம் சுத்தம், எதற்கு ரோட்டா தடுப்பு மருந்து?" என்று கேட்பவர்கள் உண்டு. காலராவையும் டைபாய்டையும் சுத்தமான குடிநீர் பெருமளவு தடுக்கும். ரோட்டாவை அந்த அளவுக்குத் தடுக்காது. நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே நோயை உண்டாக்கப் போதும், ஆனால் நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் அவை கோடிக்கணக்கில் இருக்கும். பொம்மையிலும் கதவுப்பிடியிலும் நாள்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். தடுப்பு மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவிலும்கூட ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் இந்தத் தொற்றுக்கு ஆளானார்கள். மலம் துடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அவசியம்தான். அதை மட்டும் நம்பியிருப்பது தவறு.

இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019-க்குள் நாடு முழுவதும் ரோட்டா தடுப்பு மருந்து கொண்டுவரப்பட்டது. 6, 10, 14 வாரங்களில் வாய்வழியாக மூன்று தவணைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. இதுவும் வாயில் விடும் மருந்து என்பதால், போலியோ முகாமில் சொட்டு மருந்து வாங்கியவுடன் ரோட்டாவும் முடிந்துவிட்டதாகச் சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு மருந்துகள். தாய் சேய் நல அட்டையில் ரோட்டா என்ற வரிக்கு எதிரே மூன்று தேதிகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பார்ப்பதுதான் ஐயம் தீர்க்கும் வழி.

எனக்கு மிகுந்த கவலை தருவது, லேசான சளியைக் காட்டியோ ஊருக்குப் போயிருந்ததாகச் சொல்லியோ முதல் தவணையைத் தள்ளிப்போடுவது. மற்றப் பல தடுப்பூசிகளைத் தாமதமாகவேனும் போட்டுவிடலாம். இதற்கு வயது வரம்பு உண்டு. அரசுத் திட்டத்தில் ஒரு வயது கடந்தபின் முதல் தவணை தொடங்கப்படுவதில்லை. தனியார் மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு இன்னும் குறுகியது, 15 வாரம் நிறைவதற்குள் முதல் தவணையைத் தொடங்கிவிட வேண்டும். இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்து, குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் என்ற பாதிப்பை அரிதாக உண்டாக்கியதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனாலும் இயல்பாகவே குடல் செருகல் அதிகம் வரும் வயதுக்கு முன்பே மருந்தைத் தொடங்குவது நல்லது. குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து போனால், மருந்து கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முன்பே குடல் செருகல் வந்த குழந்தைக்கும், பிறவியிலேயே கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாடுள்ள குழந்தைக்கும் இம்மருந்து கொடுக்கக் கூடாது.

"ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது" என்று மீதித் தவணையை நிறுத்துவதும் தவறு. வேலூரில் குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், மூன்று முறை இயற்கையாகத் தொற்று வந்த பிறகும் கடுமையான அல்லது நடுத்தரமான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மறுபுறம், மருந்து கொடுத்துவிட்டால் பேதியே வராது என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்ட இந்தியத் தயாரிப்பு, முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்தது. பேதியை உண்டாக்கும் மற்றக் கிருமிகளை இது தடுக்காது. ஆகவே தடுப்பு மருந்து பெற்ற குழந்தையின் வீட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்தைக் கலப்பதில்தான் ஆபத்தான பிழைகள் நடக்கின்றன. ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்தால் உப்பின் செறிவு பல மடங்கு கூடி, குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பே வரலாம். அளவு பொட்டலத்தின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, முழுப் பொட்டலத்தையும் அதே அளவு நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். குளுக்கோஸ் பவுடரும் அட்டைப்பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்களும் இதற்கு மாற்றாகா. மிகையான சர்க்கரை, நீரைக் குடலுக்குள் இன்னும் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. வைரஸுக்கு எதிராக ஆன்டிபயாடிக் பயன்படாது.

எட்டு மாதமும் எட்டு கிலோவும் உள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரவில் நான்கு முறை வாந்தி, விடிவதற்குள் ஆறு முறை பேதி. காலையில் கண் குழிந்திருக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் தண்ணீரைக் கண்டால் ஆவலாகக் குடிக்கிறது. இந்த நிலையில் சுகாதார நிலையத்தில் செவிலியரின் கண்காணிப்பில் கிலோவுக்கு 75 மில்லி வீதம் 600 மில்லி கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுப்பார்கள். அப்படியே டம்ளரில் கொடுத்தால் முழுவதும் வாந்தியாக வரும். 5 மில்லி கரண்டியால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று கொடுத்தால் நான்கு மணி நேரத்தில் சரியாக 120 கரண்டி, 600 மில்லி ஆகிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். இடையிடையே தாய்ப்பாலும் கொடுக்கலாம், அதை நிறுத்தவே கூடாது. துத்தநாகம் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம், பேதி நின்ற பிறகும் சேர்த்து 14 நாட்கள் தர வேண்டும். குழந்தை குடிக்க மறுத்தாலோ, தட்டி எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ கரண்டியோடு காத்திருக்காமல் நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டும். மூன்றாவது மணி நேரத்தில் குழந்தை சிறுநீர் கழித்து, அழும்போது கண்ணில் நீர் வந்தால், அந்தக் கரண்டிகள் வேலை செய்கின்றன என்று பொருள்.