ஃபோன் நேரக் கணக்கு: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மச்சான் செய்த தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் என் மச்சான், பொழுதுபோக்குக்கு ஃபோனில் நாளுக்கு 2 மணி நேரம், அதாவது வாரத்துக்கு 14 மணி நேரம் போதும் என்று தானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார். ஞாயிறு ராத்திரி சரிபார்ப்பது என்று ஏற்பாடு. முதல் வாரம், ஃபோன் பார்த்த நேரத்தை நாளுக்கு ஒரு கட்டையாக வரைந்து காட்டும் Digital Wellbeing பக்கத்தைத் திறந்தவருக்கு ஒரே சந்தோஷம். “மாப்ள, வாரம் பூரா அஞ்சு மணி நேரந்தான்டா!”

அவர் பார்த்தது அந்த ஒரு நாள் கணக்கு. அவர் ஃபோனில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. அன்றைக்குத் திறந்தால் புது வாரத்தின் முதல் கட்டை மட்டும்தான் நிற்கும், முடிந்த வாரத்தைப் பார்க்கப் பின்னால் தள்ள வேண்டும். உங்கள் ஃபோனில் முதல் கட்டைக்குக் கீழே எந்தக் கிழமை இருக்கிறது என்று பாருங்கள். ஏழு கட்டையும் நிறைந்த வாரத்தைத்தான் வரம்போடு ஒப்பிடலாம்.

அடுத்த வாரம் ஏழு நாளையும் தாளில் எழுதி, கால்குலேட்டரில் கூட்டினார். ஞாயிறு 5.10, திங்கள் 3.20, செவ்வாய் 3.05, புதன் 3.40, வியாழன் 3.15, வெள்ளி 4.00, சனி 4.30. வந்தது 26.20. இருபத்தாறு மணி இருபது நிமிஷம் என்று எழுதிக்கொண்டார். கால்குலேட்டருக்கு மணிக்கு 60 நிமிஷம் என்று யார் சொன்னது? மணிகளைத் தனியே கூட்டினால் 25, நிமிஷங்களைத் தனியே கூட்டினால் 120. ஆக 27 மணி நேரம். 40 நிமிஷம் கூட்டலிலேயே காணாமல் போயிருந்தது.

ஆனால் பெரிய தவறு கூட்டலில் இல்லை. 27-ஐ 14-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு மடங்கு ஆயிருச்சு, நமக்கு இது ஒத்துவராது” என்று தாளைக் கசக்கப் போனார். வரம்பு வைத்தது பொழுதுபோக்குக்கு, ஒப்பிட்டதோ மொத்த நேரத்தோடு. மல்லி விலை வந்து விழும் வாட்ஸ்அப் குரூப், வெளியூர் வியாபாரிகளோடு பேசியது, பணம் வாங்கிய ஆப் எல்லாம் அந்த 27-க்குள் இருக்கின்றன. பட்டியலில் ஒவ்வொரு ஆப்பாகத் தொட்டு நாள்வாரியாக எடுத்தோம். வாட்ஸ்அப் 8 மணி 30 நிமிஷம், அழைப்பு 1 மணி 45 நிமிஷம், பணம் அனுப்பும் ஆப் 45 நிமிஷம். சேர்த்தால் 11 மணி நேரம். மிச்சம் 16. வரம்பைத் தாண்டியது 2 மணி நேரம்தான்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குரூப்பும் இருக்கிறது, அந்த நேரத்தை ஃபோன் தனியாகப் பிரித்துக் காட்டாது. கடைக்கு வேறு நம்பர் இருந்ததால் அதை வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் போட்டுக் கொடுத்தேன். அது தனி ஆப் என்பதால் கணக்கும் தனியாக விழும்.

அப்புறம் ஒரு வழக்கு வந்தது. ஞாயிறு மதியம் யூடியூப் 2 மணி 30 நிமிஷம். “பட்டிமன்றத்தப் போட்டுட்டு நான் தூங்கிட்டேன்டா, அதக் கழிச்சுரு.” திரை எரிந்துகொண்டு ஆப் முன்னால் இருந்தால் ஃபோன் எண்ணத்தான் செய்யும், எதிரே ஆள் குறட்டை விடுவது அதற்குத் தெரியாது. திரையை அணைத்துப் பாட்டு மட்டும் கேட்டிருந்தால் சேர்ந்திருக்காது. நான் கழிக்கவில்லை. இப்படிக் கழிக்க ஆரம்பித்தால் வாரா வாரம் ஒரு சாக்கு கிடைக்கும். தூங்கப் போகும்போது திரையை அணைப்பது சுலபம்.

கடைசியில், “சரி, 16-ஐயே வரம்பா வச்சுக்குவோம்” என்றார். பூவை நிறுத்த பிறகு எடைக்கல்லை மாற்றுகிற கதை. வரம்பை மாற்றக் கூடாது என்றில்லை, அடுத்த வாரம் தொடங்கும் முன் மாற்றி எழுதிக்கொள்ளலாம். முடிந்த வாரத்துக்குப் பழைய வரம்புதான்.

சித்திரைத் திருவிழா வாரத்துக்கு அப்படித்தான் செய்தோம். எதிர்சேவை ராத்திரி முழுக்கக் கண்விழித்து, விடியலில் அழகர் ஆற்றில் இறங்குவதை ஃபோனில் எடுத்து, வந்ததையெல்லாம் பார்த்துத் தீர்க்கிற வாரம் அது. முன்கூட்டியே 20 என்று எழுதி, ஓரத்தில் ‘திருவிழா’ என்று குறித்தோம். நள்ளிரவில் நாள் மாறிவிடுவதால் அந்த ஒரே ராத்திரி இரண்டு கட்டைகளில் பிரிந்து நின்றது. நோட்டில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஃபோன் பழைய வாரங்களைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. அடுத்த சித்திரைக்கு ஒப்பிட அந்த ஒரு வரிதான் கையில் இருக்கும்.