அட்வான்ஸ் திருப்பித் தரும் கடிதம்: பெயிண்டிங் என்று ஒரே வரியில் எழுதாதீர்கள்

சொந்த வீடு ஒன்று, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறவினர்களின் வீடுகள் ஐந்து என்று சென்னையில் ஆறு வாடகை வீடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். யாராவது காலி செய்தால் அட்வான்ஸ் கணக்குக் கடிதத்தை நான்தான் எழுதுவேன், அல்லது உரிமையாளர் எழுதியதைத் திருத்துவேன். போன மாதம் அத்தை மகன் ஒரு கடிதம் அனுப்பி, "மச்சான், சும்மா ஒரு பார்வை பாரு, இன்னைக்கே அனுப்பணும்" என்றான். பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன் நான் எழுதியதை அவன் காப்பியடித்தது போல இருந்தது.

வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், குடியிருந்தது நான்கு வருஷம். கடிதத்தின் சாரம் இதுதான்: "நீங்கள் வீட்டைச் சரியாகப் பராமரிக்கவில்லை. பெயிண்டிங் 18,000, கிளீனிங் 4,000, ரிப்பேர் 6,500. ஆக 28,500 போக மீதி 71,500."

கூட்டல் தப்பு, பெயர் தப்பு, தேதி விட்டுப்போவது பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை

இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். "பெயிண்டிங்குக்கு ஒரு மாசம் பிடிப்பாங்க" என்பது சென்னையில் ஊர் வழக்கம் போலவே ஆகிவிட்டது. கேட்பவரும் யோசிப்பதில்லை, கொடுப்பவரும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிடுகிறார். ஆனால் வாடகைத் தொகைக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்? அதே அளவு வீடு அண்ணா நகரில் இருந்தால் பெயிண்ட் அதிகம், ஆவடியில் இருந்தால் குறைவா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டின் இப்போதைய வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யார் எந்தப் பழுதைப் பார்க்க வேண்டும் என்று அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், வாஷ் பேசின் பழுது, உடைந்த ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் பக்கம். எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும். பழகிப் பழகி வரும் தேய்மானம் யார் தலையிலும் ஏறாது.

அப்படியென்றால் முதல் வேலை, வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. அத்தை மகனின் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கேயே அந்த 18,000 விழுந்துவிட்டது.

என் கதை இதைவிட மோசம். ஆறு வருஷம் இருந்த ஒருவருக்கு நானும் இப்படித்தான் 15,000 பிடித்தேன். அவர் சண்டை போடவில்லை. "பெயிண்டர் பில் அனுப்புங்கள் சார், கணக்குக்கு வேண்டும்" என்று ஒரே ஒரு செய்தி. என்னிடம் பில் இல்லை. ஏனென்றால் நான் பெயிண்ட் அடிக்கவே இல்லை. அவர் போன நான்காம் நாள் அடுத்த குடும்பம் அதே சுவரோடு குடிவந்துவிட்டது. அவருடைய நண்பர் எதிர் பிளாட்டில் இருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதில் எழுத என் வக்கீலுக்கு 5,000 கொடுத்தேன், அவர் சொன்னபடி 15,000-ஐயும் திருப்பிக் கொடுத்தேன். செய்யாத வேலைக்குப் பணம் பிடித்தேன் என்று அந்த அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் தெரிந்துபோனதுதான் பெரிய நஷ்டம்.

சரி, சுவர் உண்மையிலேயே பாழாகியிருந்தால்? அத்தை மகன் வீட்டில் ஒரு சுவர் அப்படி இருந்தது. பெரிய படுக்கையறையில் டிவி மாட்டியிருந்த பிராக்கெட்டைப் பிடுங்கியபோது உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. அதே சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் குழந்தையின் கிரயான் ஓவியம். நல்ல யானை ஒன்றும் இருந்தது. இது தேய்மானம் இல்லை. காலண்டர் ஆணி ஓட்டை, சோபா உரசிய தடம், வெயில் பட்டு வெளுத்த இடம் ஆகியவைதான் தேய்மானம்.

இங்கே கணக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பூச்சு பெயர்ந்ததை அடைத்துப் பட்டி பார்க்கும் செலவு முழுக்கக் குடியிருந்தவருடையது. நான்கு வருஷம் ஆனாலும் பூச்சு தானாகப் பெயர்ந்து விழாது. பெயிண்ட் அப்படி இல்லை. உள்சுவர் எமல்ஷனுக்கு நான் ஐந்து வருஷ ஆயுள் வைக்கிறேன். இது சட்டத்தில் உள்ள எண் இல்லை, என் அனுபவக் கணக்கு. அவர்கள் வரும்போது புதிதாக அடித்தது. நான்கு வருஷம் ஓடிவிட்டது. கிரயான் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் அதை அடித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே அவர்கள் கெடுத்தது மீதி இருந்த ஒரு வருஷத்தை, அதாவது ஐந்தில் ஒரு பங்கை மட்டும்தான்.

சுவர் 12 அடிக்கு 10 அடி, 120 சதுர அடி. பெயிண்டர் சதுர அடிக்கு 16 ரூபாய் கேட்டார், 1,920 ஆனது. அதில் ஐந்தில் ஒன்று 384. பூச்சு அடைத்துப் பட்டி பார்க்க 1,500. மொத்தம் 1,884. அவன் எழுதிய 18,000-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். "நீ யார் பக்கம்டா?" என்று கேட்டான். சுவர் பக்கம் என்றேன்.

பத்து வருஷம் முன் அடித்த பெயிண்ட் மேல் கிரயான் என்றால், பெயிண்ட் கணக்கில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

"ரிப்பேர் 6,500"

பில்களைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். சுவிட்ச் இரண்டு 340, வாஷ் பேசின் குழாய் 850, கிழிந்த கொசுவலை 600, சுவருக்குள் கசிந்த சமையலறைப் பைப் 3,800, வாசல் பூட்டு மாற்றியது 910. முதல் மூன்றும் குடியிருந்தவர் கணக்கு. சுவருக்குள் ஓடும் பைப் உரிமையாளருடையது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. புதுக் குடித்தனம் வருகிறது என்று இவன் நிம்மதிக்காக மாற்றினான். அந்த நிம்மதிக்கு அவர்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? 6,500-இல் நின்றது 1,790.

ஐந்து வேலையை ஒரு சொல்லுக்குள் அடைத்ததால்தான் இது அவன் கண்ணிலேயே படவில்லை. பிரித்து எழுதினால் எது நிற்கும், எது நிற்காது என்பது எழுதும்போதே தெரிந்துவிடும்.

கிளீனிங்

பாத்ரூம் டைல்ஸில் உப்புக் கறை. போர் தண்ணீர் உள்ள ஊரில் அது யார் இருந்தாலும் வரும். பரணில் விட்டுப்போன உடைந்த கட்டிலையும் மெத்தையையும் அகற்றிய 700 மட்டும் நியாயம்.

கரண்ட் பில் வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம். காலி செய்து ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். மின்கட்டணமோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. சாவி வாங்கும்போதே மீட்டரைப் படம் எடுத்து, அன்றுவரை ஓடிய யூனிட்டுக்கு மின்வாரியத்தின் கட்டணக் கணக்கியில் தொகை பார்த்து, அங்கேயே வாங்கிவிடுங்கள். இந்த வீட்டில் அப்படித்தான் முடித்தோம், அதனால் கடிதத்தில் அந்த வரியே இல்லை.

வீட்டைப் பற்றி எழுதாமல் ஆளைப் பற்றி எழுதுவது

"சரியாகப் பராமரிக்கவில்லை" என்பதற்கு ரசீது கிடையாது. அந்த வரியை நீக்கிவிட்டேன்.

"இதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம்"

கூடாது. மறுப்பில்லாத தொகையை முதலில் அனுப்பிவிட்டு, பிறகு பேசுங்கள்.

திருத்திய கடிதம் இப்படிப் போனது:

"31-ஆம் தேதி சாவியை ஒப்படைத்தீர்கள். உங்களிடம் பெற்ற அட்வான்ஸ் ரூ.1,00,000. கீழ்க்கண்டவற்றை அதில் கழித்திருக்கிறோம்.

பெரிய படுக்கையறை, டிவி சுவர்: பெயர்ந்த பூச்சை அடைத்துப் பட்டி பார்த்தது ரூ.1,500.
அதே சுவருக்குப் பெயிண்ட் ரூ.1,920, நான்கு வருஷம் கழிந்ததால் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ரூ.384.
ஹால் சுவிட்ச் இரண்டு ரூ.340.
வாஷ் பேசின் குழாய் ரூ.850.
பின்புற ஜன்னல் கொசுவலை ரூ.600.
பரணில் இருந்த கட்டில், மெத்தையை அகற்றிய கூலி ரூ.700.

மொத்தம் ரூ.4,374. மீதி ரூ.95,626-ஐ இன்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருக்கிறோம். பில்களும் படங்களும் இத்துடன் உள்ளன. எதிலாவது உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பார்க்கிறோம்."

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி அத்தை மகன் கெஞ்சினான். "சும்மா இருக்கிறவங்களை நீயே கிளப்பி விடுறே." நான் எடுக்கவில்லை. எந்த வரி என்று கேட்டால்தான் பதிலும் ஒரு வரியில் வரும். மொட்டையாகத் தொகையை மட்டும் சொன்னால் சண்டையும் மொத்தத் தொகைக்குத்தான் வரும்.

இரண்டு நாளில் பதில் வந்தது. கூடவே குடிவந்த அன்று எடுத்த ஒரு படம். பின்புற ஜன்னலில் கொசுவலை அப்போதே கிழிந்துதான் இருந்தது. மற்ற எதையும் அவர்கள் கேட்கவில்லை. 600 ரூபாயை அன்று மாலையே அனுப்பச் சொன்னேன். மொத்தம் 96,226 போய்ச் சேர்ந்தது. பட்டி காய்ந்து, சுவருக்குப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. யானையை மட்டும் அடிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.